கேட்டால் கையை அழுத்துங்கள்

பித்தப்பையில் கல் என்று போன ஆண்டு எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆபரேஷன் தியேட்டரில் நான் கடைசியாகக் கேட்ட வாக்கியம், "டீ சொல்லியாச்சா?" கால்மாட்டில் நின்ற யாரோ யாரையோ கேட்டார். அடுத்து என் காதில் விழுந்தது, "கண்ணைத் திறங்க சார், முடிஞ்சிருச்சு." இரண்டுக்கும் நடுவே ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடியிருக்கிறது. எனக்கோ இரண்டும் அடுத்தடுத்த வாக்கியங்கள். வயிற்றில் நான்கு துளை போட்டு, கேமராவை விட்டு, ஓர் உறுப்பையே வெட்டி எடுத்திருக்கிறார்கள். அது நடந்ததற்கு என்னிடம் இருக்கும் சாட்சி நான்கு தழும்புகளும், கற்கள் போட்ட ஒரு சின்ன டப்பாவும்தான்.

தூக்கம் இப்படி இருக்காது. தூங்கி எழுந்தால் நேரம் போயிருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். ஒரு கனவாவது மிச்சம் இருக்கும். பக்கத்தில் தட்டு விழுந்தால் விழித்துக்கொள்வோம். மயக்க மருந்தில் காலமே வெட்டி எடுத்து ஒட்டப்பட்டதுபோல இருக்கிறது. மறுநாள் காலை வார்டுக்கு வந்த மயக்க மருத்துவரிடம், "அது என்னதான் செய்கிறது டாக்டர்?" என்று கேட்டேன். "எந்தப் பூட்டில் போய் உட்காருகிறது என்று தெரியும். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு நேரம் என்று தெரியும். ஆனால் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது" என்றார். அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்ததில், அந்தத் துறை இன்று நிற்கும் இடத்தை அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் போட்ட மருந்தின் பெயர் புரோப்போஃபால். பார்ப்பதற்குப் பால் மாதிரியே இருக்கும். மருந்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டையிலிருந்து எடுத்த லெசித்தின் சேர்த்துக் கலக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வெண்மை அப்படி வந்தது. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து. திடமான ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வாக்கில் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆளுக்கு 12 மில்லி. இரண்டரைத் தேக்கரண்டிகூட வராது. கையில் ஏறும்போது சுரீர் என்று எரியும். என் புறங்கையிலும் எரிந்தது.

அந்த 12 மில்லி கைநரம்பு வழியே இதயத்தின் வலப்பக்கம் போய், நுரையீரலைச் சுற்றி, இடப்பக்கம் வந்து, கழுத்து வழியே மூளைக்கு ஏற அரை நிமிடம் போதும். மயக்க மருத்துவர் அப்போது நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குழறும், கண் ஒரே இடத்தில் நிலைக்கும், இமை மூடும். இமைமுடியை விரலால் தொட்டாலும் அசையாது. கொஞ்ச நேரத்தில் மூச்சே நின்றுவிடும். பலருக்கு இது தெரியாது. மூச்சைக் கவனித்துக்கொள்ளும் மூளைத்தண்டையும் மருந்து அமுக்கிவிடுவதால், அந்த நொடியிலிருந்து நமக்காக மூச்சு விடுகிறவர் அவர்தான். மயக்க மருத்துவர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுகிறவர் என்ற நினைப்பு நம்மிடம் பரவலாக இருக்கிறது. தப்பு. கடைசித் தையல் முடியும்வரை தலைமாட்டை விட்டு நகர முடியாதவர் அவர்.

இந்த முதல் ஊசியின் வேகம் ஐந்து, பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மருந்து அதற்குள் அழிந்துவிட்டது என்று பொருளில்லை. மூளைக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் முதல் பங்கு அங்கே போகிறது. பிறகு தசைக்கும் கொழுப்புக்கும் பரவப் பரவ, மூளையில் இருக்கும் அளவு குறைகிறது. அதனால்தான் தொடர்ந்து சொட்டுச் சொட்டாகப் புரோப்போஃபாலையே ஏற்றுவார்கள், அல்லது செவோஃபுளூரேன் போன்ற ஒரு ஆவியைச் சுவாசக் குழாய் வழியே கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

சரி, மூளைக்குப் போன மருந்து எதைப் பிடிக்கிறது?

மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருந்தால் வலிப்புதான் வரும். அதனால் தூண்டுவதற்கு ஒரு கூட்டம், அடக்குவதற்கு ஒரு கூட்டம் என்று இரண்டு வகைச் செல்கள் உண்டு. அடக்குகிறவை காபா என்ற வேதிப்பொருளைக் கக்கும். அது அடுத்த செல்லின் மேல்தோலில் உள்ள ஒரு சிறு வாயிலில் போய் ஒட்டும். வாயில் திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், செல் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கும். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று உண்டாக்கிய வாயில் அது. புரோப்போஃபால் அந்தத் துண்டுகளுக்கு இடையிலுள்ள ஒரு பொந்தில் நுழைந்துகொள்கிறது. காபா வந்து திறக்கும் கதவை, சீக்கிரம் மூடவிடாமல் ஒரு கட்டையை வைத்து முட்டுக்கொடுத்ததுபோல, திறந்தே வைக்கிறது. மூளை முழுக்க "சும்மா இரு" என்ற கட்டளை நீண்டு ஒலிக்கிறது.

இது வெறும் ஊகமில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வாயிலின் ஒரே ஒரு துண்டில், 265ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி எலிகளை உருவாக்கினார்கள். அஸ்பராஜின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின். மற்றபடி அவை சாதாரண எலிகளைப் போலத்தான். சாதாரண எலிக்குப் புரோப்போஃபால் கொடுத்துப் பாதத்தைக் கிள்ளினால் அசையாது. இந்த எலி காலை இழுத்துக்கொண்டது. மல்லாக்கப் போட்டால் புரண்டு எழ முடியாமல் கிடக்கும் நேரமும் இதற்கு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆயிரக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்றை மாற்றியதற்கு ஒரு மருந்தே பெரும்பாலும் செயலிழந்துபோகிறது என்றால், அந்த மருந்து பிடிக்கும் இடம் அதுதான் என்று நம்பலாம்.

இந்தத் தெளிவு வர நூறாண்டுக்கு மேல் ஆனது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயங்க வைத்தார். அறுவை மருத்துவர் வாரன் அவர் கழுத்துக் கட்டியை அறுத்தார். அன்றிலிருந்து ஈதர் உலகம் சுற்றியது. அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1899இல் ஹான்ஸ் மேயரும், அவரோடு தொடர்பில்லாமல் 1901இல் சார்ல்ஸ் ஓவர்ட்டனும் விசித்திரமான ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ, அவ்வளவு குறைந்த அளவிலேயே தலைப்பிரட்டைகளை மயக்கிவிடுகிறது. ஈதர், குளோரோஃபார்ம், சாராயம் என்று ஒன்றுக்கொன்று உருவத்தில் சம்பந்தமே இல்லாத பொருள்கள் எல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. எதனுடனும் எளிதில் சேராத ஸெனான் வாயுவும் பிற்காலத்தில் அதே கோட்டில்தான் வந்தது.

செல்லின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. ஆகவே மருந்து அந்தக் கொழுப்பில் கரைந்து, தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடுகிறது, செல் செயலிழக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அழகான விளக்கம், அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் அளவு மருந்து அந்தக் கொழுப்புத் தோலை எவ்வளவு இளக்குகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு உடல்வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே இளகிவிடும். அப்படியானால் காய்ச்சல் வந்த குழந்தையெல்லாம் மயங்கி விழ வேண்டுமே!

1984இல் லண்டனில் நிக்கலஸ் ஃபிராங்க்ஸ், வில்லியம் லீப் என்ற இருவர் மின்மினிப் பூச்சியைத் துணைக்கு அழைத்தார்கள். மின்மினியின் வெளிச்சம் லூசிஃபெரேஸ் என்ற புரதத்தின் வேலை. அந்தப் புரதத்தைத் தனியே எடுத்து, கொழுப்பு ஒரு துளியும் இல்லாமல் குழாயில் வைத்து, மயக்க மருந்துகளைச் சேர்த்தார்கள். வெளிச்சம் மங்கியது. எந்த மருந்து எந்த அளவில் உயிரை மயக்குமோ, ஏறக்குறைய அதே அளவில் வெளிச்சத்தையும் மங்கவைத்தது. கொழுப்பே தேவையில்லை, புரதத்தின் பொந்துகளே போதும் என்றானது. அதன்பிறகு ஆராய்ச்சி நரம்புச் செல்லின் புரத வாயில்கள் பக்கம் திரும்பி, காபா வாயிலுக்கு வந்து சேர்ந்தது. கொழுப்புக் கொள்கையும் முற்றிலும் செத்துவிடவில்லை. 2020இல் வந்த ஓர் ஆய்வு, கொழுப்புத் தோலில் உள்ள சில திட்டுகளை மயக்க மருந்து கலைத்து, அதன்மூலம் வேறொரு வாயிலைத் திறக்கிறது என்று காட்டியது. பழைய கட்சிக்கு ஒரு சீட்டாவது மிஞ்சும் போலிருக்கிறது.

இங்கே ஒரு பக்கக் கதை. பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோத் பெர்னார் 19ஆம் நூற்றாண்டிலேயே தொட்டாற்சிணுங்கிச் செடியைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து, ஈதரில் நனைத்த பஞ்சையும் உள்ளே வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தொட்டாலும் சிணுங்கவில்லை. வெளிக்காற்றில் வைத்ததும் பழையபடி சிணுங்கியது. செடிக்கு மூளை இல்லை, நரம்பும் இல்லை. உயிருள்ள செல்லில் இந்த மருந்துகள் தொடும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க முடியாது என்பதற்கு நம் வேலியோரத்தில் கிடக்கும் அந்தச் செடியே போதும்.

காபா கதையும் முழுக்கதை ஆகாமல் போனதற்குக் காரணம் கெட்டமைன். சிறிய மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கும் நிறையப் பயன்படும் மருந்து இது. இதற்குக் காபா வாயிலோடு பெரிய சம்பந்தம் கிடையாது. அடக்கும் செல்லின் குரலை நீட்டிவிடுவது புரோப்போஃபாலின் வழி என்றால், தூண்டும் செய்தியை வாங்கும் என்.எம்.டி.ஏ. என்ற வேறொரு வாயிலை அடைத்துவிடுவது இதன் வழி. ஸெனானும், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சிரிப்பு வாயுவும் இந்த வரிசையில்தான் வருகின்றன. கெட்டமைன் கொடுத்தவர் கண் திறந்தபடியே கிடப்பார், மூச்சு பெரும்பாலும் தானாகவே ஓடும், கத்தி வைத்தால் தெரியாது. எழுந்ததும், எங்கோ பறந்தேன், சுரங்கத்துக்குள் போனேன் என்று கதை சொல்வார். இரு மருந்துகளும் வேறு வேறு கதவு வழியே போகின்றன. போய்ச் சேரும் அறை ஒன்றுதானா?

மூளையின் மின்னலைகளைப் பார்த்தால் விடை பாதி கிடைக்கிறது. புரோப்போஃபால் கொடுத்ததும் மூளை அணைந்துபோவதில்லை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்வதற்காக மூளைக்குள் ஏற்கெனவே மின்முனைகள் பதித்திருந்த மூன்று நோயாளிகளை 2012இல் ஓர் ஆய்வுக்குழு கவனித்தது. மருந்து ஏறி, அவர்கள் பதில் சொல்வதை நிறுத்திய சில நொடிகளிலேயே, நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான வேகத்தில் ஒரு மெதுவான பெரிய அலை கிளம்பியது. செல்கள் அந்த அலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் படபடவென்று பேசி, மிச்ச நேரம் கப்சிப்பென்று இருந்தன. மொத்தப் பேச்சின் அளவு முதலில் குறைந்து, சில நிமிடங்களில் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. ஆனாலும் ஆள் விழிக்கவில்லை.

காரணம், பேசும் நேரம் ஒத்துப்போகவில்லை. ஒரு பகுதி பேசும்போது சில சென்டிமீட்டர் தள்ளியுள்ள பகுதி வாய் மூடியிருக்கிறது. அது பேச ஆரம்பிக்கும்போது இது மூடிக்கொள்கிறது. ஒரே தெருவில் மின்வெட்டு வீட்டுக்கு வீடு வேறு வேறு நேரத்தில் வந்தால், எல்லா வீட்டிலும் கொஞ்ச நேரம் விளக்கு எரியும், ஆனால் எவரும் எவருக்கும் போன் பேசி முடிக்க முடியாது. நினைவிழப்பு என்பது செல்களின் மௌனமில்லை, அவற்றுக்கிடையே பேச்சு அறுந்துபோவது என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது.

இதை வெளியிலிருந்தும் சோதிக்கலாம். இத்தாலியின் மார்செல்லோ மசிமினியின் குழு, தலைக்கு மேலே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையில் ஓர் இடத்தை மெல்லத் தட்டி, அதன் எதிரொலி எப்படிப் பரவுகிறது என்று அளக்கிறது. விழித்திருப்பவரின் மூளையில் எதிரொலி இங்குமங்கும் ஓடி, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு உருவம் எடுக்கிறது. புரோப்போஃபாலில் தட்டிய இடத்திலேயே "தொப்" என்று விழுந்து அடங்குகிறது. ஸெனானில் பரவினாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அலை. கெட்டமைனில்? விழித்திருப்பவரைப் போலவே சிக்கலான எதிரொலி. ஆள் கூப்பிட்டால் அசையவில்லை, உள்ளே மட்டும் கனவு ஓடிக்கொண்டிருக்கிறது. எழுந்தபின் அவர்கள் நீண்ட கனவுகளைச் சொன்னார்கள், மற்ற இரு மருந்துகளில் இருந்தவர்களிடம் சொல்ல எதுவும் இல்லை. ஆகவே இரு கதவுகளும் போய்ச் சேரும் அறை ஒன்றல்ல. "மயக்கம்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது குறைந்தது இரண்டு வேறு நிலைகள்.

அப்படியானால் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. அசையாத, பதில் சொல்லாத ஒருவர் உள்ளே ஒன்றும் உணரவில்லை என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

மயக்க மருந்து ஆவிகளை அளக்க உலகம் முழுவதும் ஒரு அளவுகோல் உண்டு. தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப் பேர் அசையாமல் இருக்க, அவர்கள் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு ஆவி வேண்டும் என்பதே அது. அமெரிக்காவில் எட்மண்ட் ஈகரும் சக ஆய்வாளர்களும் 1960களில் உருவாக்கியது. நாற்பது வயதுக்காரருக்கு செவோஃபுளூரேன் என்றால் 2 சதவீதம் வாக்கில் வரும். நல்ல அளவுகோல், உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அது அளப்பது அசைவை. 1993இல் கலிஃபோர்னியாவில் ஆடுகளில் ஒரு சோதனை செய்தார்கள். ரத்த ஓட்டத்தைப் பிரித்து, மருந்தை மூளைக்கு மட்டும் போகவிட்டார்கள். உடல் முழுவதும் மருந்து இருந்தபோது அசைவை நிறுத்த 1.2 சதவீதம் ஐசோஃபுளூரேன் போதுமாக இருந்தது. மூளையில் மட்டும் என்றபோது 2.9 சதவீதம் தேவைப்பட்டது. அசைவை நிறுத்துவது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை! மூளையின் மேற்பகுதியைத் துண்டித்த எலிகளிலும் அந்த ஆண்டே இதே முடிவு வந்தது. மூளைக்கு என்ன ஆகிறது என்பதற்கு நாம் பிடித்துவைத்திருந்த அடையாளம், முதுகெலும்புக்குள் நடப்பதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயிற்றைத் திறக்கும் சிகிச்சைகளில் தசைகளைத் தளர்த்த ஒரு தனி மருந்து தருவார்கள். அது தசையை மட்டும் செயலிழக்கச் செய்யும், அறிவைத் தொடாது. அதைக் கொடுத்தபின், உள்ளே விழித்திருந்தாலும் நோயாளியால் ஒரு விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது.

இதற்கு ஒரு எளிய தந்திரத்தை 1977இல் பிரிட்டனின் டன்ஸ்டால் எழுதினார். தசை தளர்த்தும் மருந்தைக் கொடுப்பதற்கு முன், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு கையில் இறுக்கிக் காற்றடைத்துவிடுவது. ரத்தம் அந்தக் கைக்குப் போகாததால் தளர்த்தும் மருந்தும் போகாது. உடம்பு முழுக்க செயலிழந்திருக்கும், அந்த ஒரு முன்கை மட்டும் விடுதலை. நோயாளியின் பெயரைச் சொல்லி, "கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று கேட்பார்கள். அழுத்தினால், "வலித்தால் இரண்டு முறை அழுத்துங்கள்" என்பார்கள். ரத்தம் இல்லாமல் கையை வெகுநேரம் வைக்க முடியாது, அதனால் இந்தச் சோதனைக்கு இருபது நிமிடம் வாக்கில்தான் அவகாசம்.

2017இல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய ஆய்வில் 260 பேரிடம் இப்படிக் கேட்டார்கள். மயக்கி, தொண்டையில் குழாய் வைத்தபின் கேட்டபோது நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் கையை அழுத்தினார்கள். அவர்களில் சிலர் வலிக்கிறது என்றும் அழுத்திச் சொன்னார்கள். 2023இல் வந்த அடுத்த ஆய்வு 18 முதல் 40 வயதுள்ள 338 பேரிடம் நடந்தது. அழுத்தியவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். எழுந்தபின் அவர்களைக் கேட்டால் ஏறக்குறைய எவருக்கும் ஒன்றும் நினைவில்லை.

இதையும் மற்ற கணக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2014இல் வெளிவந்தது. சிகிச்சை நடக்கும்போது விழித்திருந்தேன் என்று தாமாகவே வந்து சொன்னவர்கள் ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர். தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000 பேருக்கு ஒருவர் வாக்கில் என்றால், அது இல்லாதவர்களில் 1,36,000 பேருக்கு ஒருவர்தான். ஆனால் நோயாளிகள் எழுந்தபின் ஒவ்வொருவரிடமும் போய்க் கேள்வி கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒருவர் இருவர் என்று வருகிறது. சிகிச்சையின் நடுவிலேயே கையைப் பிடித்துக் கேட்டால் இருபதில் ஒருவர், பத்தில் ஒருவர்.

மூன்றும் உண்மைதான். முதல் இரண்டும் நினைவில் தங்கியதை எண்ணுகின்றன, மூன்றாவது அந்த நேரத்து விழிப்பை எண்ணுகிறது. அழுத்திய கையின் சொந்தக்காரர் அப்போது என்ன உணர்ந்தார்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் தருகிறார், தானாக அந்தக் கையை உயர்த்தி யாரையும் கூப்பிடுவதில்லை. அது விழிப்பா, தூக்கத்தில் நடப்பவரின் பதிலா, வலி இருந்தும் அது அவரை வருத்தாத வேறொரு நிலையா? அவரைக் கேட்க வழியில்லை. எழும்போது அந்த நிமிடம் அவரிடமிருந்தே அழிந்துபோயிருக்கிறது. நினைவைப் பதியவிடாமல் செய்ய, அறிவை அணைப்பதற்குத் தேவையானதைவிடக் குறைந்த மருந்தே போதும். எனவே "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதன் சரியான பொருள், "எனக்கு ஒன்றும் நினைவில்லை" என்பதுதான். என் ஒரு மணி ஐம்பது நிமிடமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மயக்க மருத்துவரின் நெற்றி ஒட்டிகளும் எண் காட்டும் கருவிகளும் இதைத் தீர்க்காதா என்று கேட்கலாம். மின்னலையைப் படித்து நூறிலிருந்து பூஜ்யம்வரை ஓர் எண் காட்டும் கருவி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. புரோப்போஃபாலுக்கும் செவோஃபுளூரேனுக்கும் அது ஓரளவு உதவும். கெட்டமைன் கொடுத்தால், ஆள் ஆழ்ந்திருக்கும்போதே எண் மேலேறிக் குழப்பும். விழிப்பு என்பது மூளையில் எந்த இடத்தின் எந்த வேலை என்று தெரிந்தால்தான் அதை நேராக அளக்க முடியும். அது இன்னும் பிடிபடவில்லை. மூளையின் நடுவே தாலமஸ் என்ற சந்திப்பில் ஒரு சிறு பகுதியை நொடிக்கு 50 முறை மின்னால் தூண்டினால், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே குரங்குகள் கண் திறந்து கையை நீட்டுகின்றன என்று 2020இல் விஸ்கான்சினில் காட்டியிருக்கிறார்கள். சுவிட்ச் அங்கேதான் இருக்கிறதா, அல்லது மூளையின் மேற்பரப்பை எழுப்பும் பல கயிறுகளில் அதுவும் ஒன்றா என்பதில் இரு கட்சிகள் உண்டு. மருந்து மேற்பரப்பை முதலில் பிடிக்கிறதா, தாலமஸையா, தூக்கத்தை நடத்தும் அடிமூளையையா என்பதிலும் அப்படியே. என் கணிப்பைக் கேட்டால், ஒரே சுவிட்ச் என்று தேடுவதே வீண். தொட்டாற்சிணுங்கியையும் மின்மினிப் புரதத்தையும் ஒரே மருந்து தொடுகிறது என்றால், மூளையில் மட்டும் அது ஒரே இடத்தில் ஒழுக்கமாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கையை அழுத்தியவர்களில் அநேகமாக எல்லாரும் எந்தக் குறையும் சொல்லாமல் வீடு திரும்பியவர்கள். ஆனால் முந்தைய நாள் மயக்க மருத்துவர் வந்து கேள்வி கேட்கும்போது சடங்குக்குத் தலையாட்டாமல் பதில் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் என்றால் மறைக்காதீர்கள், தூக்க மாத்திரை எடுப்பதையும் சொல்லுங்கள், உங்களுக்குத் தேவைப்படும் அளவு அதனால் மாறும். முன்பு ஒருமுறை இடையில் விழித்த அனுபவம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அந்த 2014 கணக்கெடுப்பில், தனக்கு நடந்ததை 62 ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டுச் சொன்னவர் ஒருவரும் இருந்தார். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். எழுந்தபின் ஒரு குரலோ, ஒரு இழுப்போ, "டீ சொல்லியாச்சா"வுக்கு அடுத்த ஒரு வாக்கியமோ நினைவில் இருந்தால், அன்றைக்கே, அல்லது இரண்டு நாள் கழித்து ஞாபகம் வந்தால் அன்றைக்கு, உங்கள் மயக்க மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.